எதைவிட 18 சதவீதம்?

அந்த மாணவி கொண்டுவந்தது ஒரே ஒரு தாள். நிலக்கடலைக்கு ஜிப்சம் எந்தப் பருவத்தில் போட்டால் நல்லது என்பது அவருடைய ஆராய்ச்சி. இரண்டு வருடம் வயலில் நின்று, பாத்தி பாத்தியாகக் காய் பறித்து எடை போட்டு, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் நீண்ட கட்டுரையாக எழுதி முடித்திருந்தார். கட்டுரை வீட்டில் இருந்தது. அதன் தலைப்பகுதியில் வரும் ஆய்வுச்சுருக்கத்தை மட்டும், அவர்கள் வழக்கில் சொன்னால் அப்ஸ்ட்ராக்டை மட்டும், அச்செடுத்து வந்திருந்தார்.

"கிராமர் மட்டும் பாத்துக் குடுங்க சார். நாளைக்கு சப்மிட் பண்ணணும்" என்றார்.

ஆய்வு மாணவர்களின் ஆங்கிலத்தைப் படித்துத் திருத்திக் கொடுக்கும் வேலையில் இந்த "கிராமர் மட்டும்" என்ற சொல்லை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். ஆய்வுச்சுருக்கத்தில் இலக்கணத்தை மட்டும் தனியாகப் பார்க்க முடியும் என்று நான் நம்பவில்லை. அது ஏன் என்று சொல்ல அவருடைய தாளே நல்ல சான்று. அவர் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். ஆளும் ஆய்வும் அடையாளம் தெரியாதபடி விவரங்களையும் எண்களையும் மாற்றியிருக்கிறேன்.

ஆய்வுச்சுருக்கம் பெரும்பாலும் 200 முதல் 300 சொற்களுக்குள் அடங்கும். ஆனால் ஒரு கட்டுரையில் அதிகம் பேர் படிக்கும் பகுதி அதுதான். பல ஆய்விதழ்களில் முழுக் கட்டுரையைப் படிக்கப் பணம் கட்ட வேண்டும். சுருக்கம் மட்டும் யாருக்கும் இலவசம். ஆய்விதழின் ஆசிரியர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். கட்டுரையை மதிப்பிட்டுத் தர முடியுமா என்று வெளி நிபுணர்களுக்கு மின்னஞ்சல் போகும்போது, தலைப்போடு கூடப் போவதும் அதுவே. இருநூற்றைம்பது சொல்லில் பத்து இடம் தடுக்கினால், உள்ளே இருக்கும் இரண்டு வருட உழைப்பையும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

இது வெறும் மனக்குறை அல்ல. தட்சுயா அமானோ என்ற ஜப்பானிய ஆய்வாளர் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். அவரும் அவருடைய குழுவினரும் எட்டு நாடுகளைச் சேர்ந்த 908 சுற்றுச்சூழல் ஆய்வாளர்களிடம் கேட்டறிந்து, 2023இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களின் கட்டுரைகள் மொழியைக் காரணம் காட்டித் திருப்பப்படுவது, தாய்மொழியாக உள்ளவர்களைவிட இரண்டரை மடங்கு அதிகம். ஆங்கிலத்தைச் சரிசெய்து அனுப்பு என்று கேட்கப்படுவது பன்னிரண்டரை மடங்கு. அப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் எந்த வரி, என்ன பிழை என்று சொல்வதில்லை. "தாய்மொழியாளர் ஒருவரிடம் காட்டுங்கள்" என்று ஒரே வரி வரும். அந்த வரியைப் படித்துவிட்டு முகம் வாடி உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கே கை வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் கொடுமை.

மாணவியின் தாளில் இருந்தது இது. நடுவில் சில வரிகளை விட்டுவிட்டேன்.

```
Groundnut is important oilseed crop in Tamil Nadu.
Many researches have been done on gypsum but
evidences on the time of application are less.
The field experiment has been conducted in 2022 and 2023.
Applying gypsum at pegging stage, the pod yield was
significantly increased to 18%.
It proves that the farmers should apply gypsum at
pegging stage for higher productivity.
```

கடலைச்செடியில் பூ உதிர்ந்த பிறகு விழுது இறங்கி மண்ணுக்குள் போய்க் காயாகும். அந்தப் பருவத்தைத்தான் பெக்கிங் என்கிறார்கள். காய்க்கு வேண்டிய கால்சியத்தைக் காயே மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் விதைத்த 40, 45 நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைக்கும் பழக்கம் வந்தது. விதைக்கும்போதே அடியுரமாகப் போட்டால் போதாதா, விழுது இறங்கும்வரை காத்திருப்பதில் கூடுதல் பலன் உண்டா என்பது அவருடைய கேள்வி. இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

முதலில் நான் செய்யச் சொன்னது, பென்சிலை எடுத்துப் பெயர்ச்சொற்களை மட்டும் வட்டமிடுவது. தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் அதிகம் சறுக்கும் இடம் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ', 'தி' என்ற இரண்டு சிறு சொற்கள். தமிழில் இவற்றுக்கு நேர் சொல் கிடையாது. அதற்காக, தெரிந்த பொருள் எது, புதிதாகச் சொல்லும் பொருள் எது என்ற வேறுபாடே தமிழில் இல்லை என்று எண்ண வேண்டாம். "புத்தகம் வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு புத்தகம். "புத்தகத்தை வாங்கினேன்" என்றால் எந்தப் புத்தகம் என்று கேட்பவருக்கு முன்பே தெரியும். அந்த வேலையை நாம் 'ஐ' உருபை வைத்து ஓரளவு செய்துகொள்கிறோம். ஆங்கிலம் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லை வைத்துச் செய்கிறது. ஆகவே வட்டமிட்ட ஒவ்வொரு பெயரிடமும் இரண்டு கேள்வி கேட்டால் போதும். இதை எண்ண முடியுமா? இது எது என்று வாசகருக்கு ஏற்கெனவே தெரியுமா?

'கிராப்' எண்ணக்கூடியது, ஒருமை, வாசகருக்குப் புதிது. ஆகவே அதற்கு முன்னால் 'ஆன்' வேண்டும். 'ரிசர்ச்', 'எவிடன்ஸ்' இரண்டும் ஆங்கிலத்தில் தண்ணீர் மாதிரி, எண்ண முடியாது. நாம் "ஆய்வுகள்", "சான்றுகள்" என்று இயல்பாகச் சொல்வதால், கை தானாக 'ரிசர்ச்சஸ்', 'எவிடன்சஸ்' என்று எழுதிவிடும். எண்ணித்தான் ஆகவேண்டும் என்றால் 'ஸ்டடீஸ்' இருக்கிறது. 'இன்ஃபர்மேஷன்', 'எக்விப்மென்ட்', 'சாஃப்ட்வேர்' என்று இந்த வகையில் ஒரு பத்துச் சொல்தான் நம்மவர்களை மீண்டும் மீண்டும் கவிழ்க்கிறது. அந்தப் பத்தையும் மேசை மேல் எழுதி ஒட்டிவைப்பது நல்லது.

இதுவரை வந்தவை வெறும் இலக்கணம். 'தி ஃபீல்ட் எக்ஸ்பெரிமென்ட்' என்ற இடத்துக்கு வந்தபோது விஷயம் மாறியது. 'தி' என்றால் அந்தச் சோதனையை வாசகர் அறிந்திருக்க வேண்டும். இங்கே இப்போதுதான் முதல்முறை சொல்கிறோம். சரி, 'எ' போடலாமா? போட்டால் சோதனை ஒன்று என்று ஆகும். நான் கேட்டேன்: "ரெண்டு வருஷமும் அதே பாத்திகளாம்மா?" அவர், "இல்லை சார். அதே பண்ணைதான், ஆனா அடுத்த வருஷம் பக்கத்து வயல்ல புதுசா பாத்தி போட்டோம்" என்றார். அப்படியானால் இரண்டு சோதனை. பன்மை வேண்டும். எந்த இலக்கணப் புத்தகத்திலும் இந்த விடை கிடைக்காது. வயலில் என்ன நடந்தது என்று தெரிந்தவருக்குத்தான் தெரியும். கடைசி வரியில் வரும் 'தி ஃபார்மர்ஸ்' கூட அப்படித்தான். 'தி' இருந்தால், சோதனையில் பங்கெடுத்த குறிப்பிட்ட விவசாயிகள் என்று பொருள்படும். பொதுவாக விவசாயிகள் என்றால் வெறும் 'ஃபார்மர்ஸ்'.

அடுத்தது காலம். 'ஹாஸ் பீன் கண்டக்டட்' என்று எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் இந்த அமைப்பு இன்றைய நிலையோடு ஒட்டி நிற்பது. 2022 என்று முடிந்துபோன ஒரு வருடத்தைச் சொல்லிவிட்டால் அதோடு சேராது. 'வாஸ்' அல்லது 'வேர்' போதும். இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், நம் செய்தித்தாள் தமிழிலிருந்து வருகிறது என்றே தோன்றுகிறது. "கடந்த ஆண்டு நடத்தப்பட்டுள்ளது" என்று தயங்காமல் எழுதுகிறோம். "நடத்தப்பட்டது" என்பதைவிட "உள்ளது" சேர்ந்தால் எழுத்து நடைக்குக் கனம் கூடியதாக ஒரு எண்ணம். அது ஆங்கிலத்துக்குப் போகும்போது 'ஹாஸ் பீன்' ஆகிறது. பொதுவான வழக்கம் எளிமையானது: செய்ததும் கண்டதும் இறந்தகாலம்; ஏற்கெனவே நிலைபெற்ற உண்மையும், நம் கண்டுபிடிப்பின் பொருளும் நிகழ்காலம்.

'அப்ளையிங் ஜிப்சம்' என்று தொடங்கும் வாக்கியத்தையும் பாருங்கள். ஜிப்சம் போட்டவர் யார்? வாக்கியத்தின் எழுவாய் மகசூல். ஆக, மகசூலே கையில் கூடையை எடுத்து ஜிப்சம் தூவியதாக ஆகிறது. இந்தக் குற்றம் தமிழ் படித்தவர்களுக்குப் புதிதாக இருக்கக் கூடாது. 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் எழுவாயின் வினையையே கொண்டு முடிய வேண்டும் என்று தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது. "மண் மாதிரிகளை எடுத்து ஈரப்பதம் அளக்கப்பட்டது" என்று தமிழிலேயே அந்த விதியை மறந்து எழுதிப் பழகியதுதான் ஆங்கிலத்திலும் தொடர்கிறது.

இனி சொற்சேர்க்கை. இதுதான் தனியாக உட்கார்ந்து சரிபார்க்கக் கடினமான பகுதி. 'எவிடன்சஸ் ஆர் லெஸ்' என்பதில் 'கள்'ளை நீக்கி 'எவிடன்ஸ் இஸ் லெஸ்' என்று ஆக்கினால் இலக்கணப்படி தவறில்லை. ஆனால் அப்படி யாரும் எழுதுவதில்லை. நாம் "பலத்த மழை" என்கிறோம், "கனத்த மழை" என்கிறோம், "தடித்த மழை" என்பதில்லை. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை; வழக்கு அப்படி. இன்னொருவர் மொழியின் வழக்கை விதியை வைத்து ஊகிக்க முடியாது. பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பார்ப்பதற்கு முதல் வழி, மேற்கோள் குறிக்குள் தொடரை அடைத்துத் தேடுவது. கூகுள் ஸ்காலரிலோ, மருத்துவம், உயிரியல் சார்ந்த துறையென்றால் பப்மெட்டிலோ இப்படித் தேடலாம்.

```
"evidence is less"
"evidence is limited"
"limited evidence on"[tiab]
```

மூன்றாவது வரியில் இருக்கும் சதுர அடைப்பு பப்மெட்டுக்கு உரியது. தலைப்பிலும் ஆய்வுச்சுருக்கத்திலும் ஆசிரியர் தரும் திறவுச்சொற்களிலும் மட்டும் தேடு என்று அது சொல்கிறது. நமக்கு வேண்டியது சுருக்கத்தின் மொழி என்பதால் இது மிகவும் பயன்படும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. நாம் தந்த தொடர் பப்மெட்டின் தொடர் அகராதியில் இல்லையென்றால், அது மேற்கோள் குறியைக் கைவிட்டுவிட்டுச் சொற்களைத் தனித்தனியாகத் தேடிவிடும். ஆயிரக்கணக்கில் முடிவுகள் வந்து நிற்கும். தொடர் கிடைக்கவில்லை என்ற எச்சரிக்கை மேலே சிறிதாக இருக்கும். அதைக் கவனிக்காதவர், தன்னுடைய தவறான தொடரை ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள் என்று நிம்மதியாகப் போய்விடுவார்.

எண்ணிக்கையை மட்டும் நம்பவும் கூடாது. தேடுபொறி காட்டும் எண்ணிக்கை தோராயமானது. அதோடு, 'ரிசர்ச்சஸ்' என்று தேடினால் ஏராளமாக வரும். சிலவற்றில் அது 'அவர் ஆராய்கிறார்' என்ற வினைச்சொல்லாக இருக்கும். சில நூறாண்டு பழைய நூல்களாக இருக்கும். சில நம்மைப் போன்றவர்களே எழுதியவை. ஆகவே குறைந்தது பத்து முடிவுகளையாவது திறந்து, அந்த வரி என்ன பொருளில் நிற்கிறது, எந்த ஆய்விதழில் வந்தது என்று படிக்க வேண்டும்.

இதைவிட நான் விரும்பும் வழி ஒன்று உண்டு. கட்டுரையை எந்த ஆய்விதழுக்கு அனுப்பப் போகிறோமோ, அதிலிருந்து நம் தலைப்புக்கு நெருக்கமான முப்பது ஆய்வுச்சுருக்கங்களை எடுத்து ஒரே உரைக்கோப்பில் ஒட்டிக்கொள்வது. ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் லாரன்ஸ் அந்தோனி ஆன்ட்காங்க் என்ற மென்பொருளை உருவாக்கி இலவசமாகத் தந்திருக்கிறார். அதில் அந்தக் கோப்பைத் திறந்து ஒரு சொல்லைக் கொடுத்தால், அந்தச் சொல் வந்த வரிகளையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக, தேடிய சொல் நடுவில் நிற்கும்படி அடுக்கித் தரும். வலப்பக்கச் சொல்லை வைத்து வரிசைப்படுத்தச் சொன்னால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் எது எது வருகிறது என்று கண்ணுக்கு நேரே தெரிந்துவிடும். முப்பது சுருக்கம் என்றால் ஏழாயிரம் சொல்கூட இருக்கும். ஆனால் அத்தனையும் நாம் போய் நிற்கப் போகும் அதே சபையின் பேச்சு.

மாணவியிடம் அப்படி ஒரு கோப்பு உருவாக்கச் சொல்லி, 'இன்கிரீஸ்' என்ற சொல்லைத் தேடச் சொன்னேன். அந்தச் சொல் நிற்கும் நிலைகள் நான்கு.

```
yield increased by 12%
yield increased to 2.4 t/ha
an increase in yield
an increase of 12%
```

'இன்' வந்தால் எது கூடியது என்பதும், 'ஆஃப்' வந்தால் எவ்வளவு என்பதும் தொடர்கின்றன. 'பை' கூடிய அளவைச் சொல்லும். 'டு' கூடிய பிறகு எங்கே போய் நின்றது என்பதைச் சொல்லும். தமிழில் நாம் "18 சதவீதம் கூடியது" என்று உருபே இல்லாமல் சொல்லிவிடுகிறோம். இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தெரியாதபோது கை ஏதோ ஒன்றைப் போட்டுவிடுகிறது. அவர் 'டு' போட்டிருந்தார். மகசூல் 18 சதவீதத்தில் போய் நிற்க முடியாது என்பதால் இங்கே படிப்பவர் சுதாரித்துக்கொள்வார். கடலையின் எண்ணெய் அளவைப் பற்றிய வாக்கியமாக இருந்தால்? அங்கே அளவே சதவீதத்தில்தான் இருக்கும். 45 சதவீதமாக இருந்த எண்ணெய் 50 ஆனால், அதை 5 சதவீதப் புள்ளி கூடியது என்றும் சொல்லலாம், 45இல் 5 என்று கணக்கிட்டு ஏறக்குறைய 11 சதவீதம் கூடியது என்றும் சொல்லலாம். எதைச் சொல்கிறோம் என்று எழுதாவிட்டால் படிப்பவருக்குத் தெரிய வழியில்லை.

'டு'வை அடித்து 'பை' என்று எழுதினார். எழுதிய வேகத்தில் அடுத்த வரிக்குப் போகப் பார்த்தார். நான் நிறுத்தினேன். கூடியது என்றால் எதையாவது விடக் கூடியிருக்க வேண்டுமே. வாக்கியத்தில் அந்த இன்னொரு பக்கம் இல்லை.

"எதைவிட 18 சதவீதம்மா?"

"ஜிப்சமே போடாத பாத்தியைவிட, சார்."

"அடியுரமா போட்ட பாத்தியைவிட?"

கொஞ்சம் தயங்கினார். கைப்பேசியில் இருந்த அட்டவணையைத் திறந்து பார்த்தார். "ஆறு சதவீதம். ஆனா அது சிக்னிஃபிகன்ட் இல்லை சார்."

சிக்னிஃபிகன்ட் என்ற சொல்லுக்குப் பொது ஆங்கிலத்தில் 'கணிசமான' என்று பொருள். ஆய்வுக்கட்டுரையில் அது புள்ளியியலுக்கு எழுதிக்கொடுக்கப்பட்ட சொல்: இந்த வேறுபாடு தற்செயலாகவே வந்திருக்கலாம் என்று விட்டுவிட முடியாத அளவுக்கு இருக்கிறது என்று சோதித்துப் பார்த்தோம் என்று அர்த்தம். அவருடைய 18 அந்தச் சோதனையில் தேறியது. 6 தேறவில்லை. ஆனால் அவருடைய ஆராய்ச்சிக் கேள்வியே ஜிப்சம் போடலாமா வேண்டாமா என்பது அல்ல, எப்போது போடுவது என்பது. அந்தக் கேள்விக்கான விடை 18 அல்ல, தேறாத அந்த 6. சுருக்கமோ 18ஐச் சொல்லிவிட்டு, விழுது இறங்கும்போதுதான் போட வேண்டும் என்று முடிகிறது.

அவர் பொய் சொல்ல நினைத்தவர் இல்லை. கட்டுரையின் உள்ளே இரண்டு ஒப்பீடும் ஒழுங்காக இருந்தன என்று பிறகு பார்த்தேன். சுருக்கும்போது பெரிய எண் தங்கிவிட்டது, ஒப்பீடு உதிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். இது அவருக்கு மட்டும் நடப்பதும் இல்லை. 1999இல் ராய் பிட்கின் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும், புகழ்பெற்ற ஆறு மருத்துவ ஆய்விதழ்களின் கட்டுரைகளை எடுத்து, சுருக்கத்தில் உள்ள தகவலைக் கட்டுரையின் உடலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உடலில் உள்ளதோடு பொருந்தாத அல்லது உடலிலேயே இல்லாத தகவல் கொண்ட சுருக்கங்கள், ஆய்விதழுக்கு ஆய்விதழ் 18 முதல் 68 சதவீதம் வரை இருந்தன. ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களும் எழுதும் இதழ்கள் அவை. ஆகவே சுருக்கத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் அது வந்த அட்டவணையின் எண்ணைப் பக்கத்தில் பென்சிலால் எழுதிவைப்பதை மொழித்திருத்தத்தின் ஒரு படியாகவே நான் வைத்திருக்கிறேன். மொழி தெரிந்தவர் செய்யும் வேலை அல்ல அது. ஆனால் 'பை', 'தேன்' என்ற சொற்களைச் சரிபார்க்கும் அதே நிமிடத்தில்தான் செய்ய முடியும்.

கடைசி வரியில் 'ப்ரூவ்ஸ்' நின்றது. நிரூபிக்கிறது. தமிழில் மேடைப்பேச்சிலும் செய்தியிலும் எல்லாவற்றையும் நிரூபித்துவிடுகிறோம். ஒரே பண்ணையில் நடந்த இரண்டு சோதனை எந்தப் பொது உண்மையையும் நிரூபிக்காது. இங்கே மாணவர்கள் பலர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவார்கள். அடக்கமாக எழுத வேண்டும் என்று சொல்லக் கேட்டு, 'மே', 'பாசிப்ளி', 'சஜஸ்ட்' மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போடுவார்கள். இருக்கலாம் போலத் தோன்றக்கூடும் என்பது மாதிரி அது ஒன்றுமே சொல்லாது. வினைச்சொல்லின் பலம் சான்றின் பலத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஜிப்சம் போட்ட பாத்தியையும் போடாத பாத்தியையும் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் முறைப்படி பிரித்து, அருகருகே வைத்துச் சோதித்திருக்கிறார். அந்தப் பண்ணையில் ஜிப்சம் மகசூலைக் கூட்டியது என்று எந்த 'மே'யும் இல்லாமல் நேராகவே எழுதலாம். பருவத்தைப் பற்றி மட்டும் நிறுத்திக்கொள்ள வேண்டும். அங்கேயும் கவனம் வேண்டும்: சோதனையில் தேறவில்லை என்றால் வேறுபாடே இல்லை என்று ஆகாது. வேறுபாடு உண்டு என்று இந்தச் சோதனையால் காட்ட முடியவில்லை, அவ்வளவே. 'இரண்டும் சமம்' என்று எழுதியிருந்தால் அதுவும் பிழைதான்.

இன்னொன்று. முன்வரியில் 'பாட் ஈல்ட்' என்று சொன்னதைக் கடைசி வரியில் 'ப்ரடக்டிவிட்டி' என்று மாற்றியிருந்தார். ஏன் என்றேன். "ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பப் போடக் கூடாதுன்னு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருக்காங்க சார்." நமக்கெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நன்னூல் கூறியது கூறலைக் குற்றங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆனால் அது சொன்ன கருத்தையே மறுபடி சொல்வதைப் பற்றியது. ஒரு பொருளுக்கு ஒரே பெயரை வழங்குவதைப் பற்றியது அல்ல. கடலையில் காய் மகசூல் வேறு, உடைத்தெடுத்த பருப்பு மகசூல் வேறு. பெயரை மாற்றினால் அளந்த பொருளே மாறிவிட்டது என்று படிப்பவர் நினைப்பார். ஆய்வுச்சுருக்கத்தில் கலைச்சொல் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அப்படியே நிற்க வேண்டும், எத்தனை முறை வந்தாலும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். பிரான்சைச் சேர்ந்த கீயோம் கபானாக்கும் இரண்டு ஆய்வாளர்களும் 2021இல், வெளியான கட்டுரைகளில் விசித்திரமான தொடர்கள் மலிந்திருப்பதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். மார்பகப் புற்றுநோய்க்கான ஆங்கிலத் தொடர் இருக்க வேண்டிய இடத்தில் 'பூசம் பெரில்', அதாவது நெஞ்சின் ஆபத்து என்று அச்சாகியிருந்தது. சொல்லுக்குச் சொல் ஒத்த பொருள் தேடி மாற்றும் மென்பொருளின் வேலை அது என்று அவர்கள் கணித்தார்கள். சித்திரவதை செய்யப்பட்ட தொடர்கள் என்று அவற்றுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். இப்போது அப்படி ஒரு தொடர் கண்ணில் பட்டாலே கட்டுரையின் நேர்மையைச் சந்தேகிக்கிறார்கள். அகராதியைப் பார்த்து நல்ல மனதோடு சொல்லை மாற்றியவரும் அந்தச் சந்தேகத்துக்குள் சிக்கிக்கொள்ளலாம்.

மணி மாலை ஆறரை இருக்கும். அந்தப் பகுதியை அவர் தன் கையால் மறுபடி எழுதினார்.

```
Field experiments were conducted at one site in 2022
and 2023. Pod yield was 18% higher with gypsum at
pegging than with no gypsum (P < 0.05). It was 6%
higher than with basal gypsum, but this difference
was not significant. Gypsum increased pod yield at
this site, but a benefit of delaying it to pegging
was not established.
```

எழுதி முடித்து வாய்விட்டுப் படித்தார். அது நான் கடைசியாகச் செய்யச் சொல்வது. மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் நீண்டிருக்கும், நாக்கு தடுமாறும் இடத்தில் ஏதோ ஒரு சிறு சொல் விட்டுப்போயிருக்கும். தடுமாறவில்லை. ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"இப்படி எழுதினா ரிசல்ட் சின்னதாத் தெரியுதே சார்" என்றார்.

நான் மறுக்கவில்லை. முன்னால் இருந்ததைவிடச் சின்னதாகத்தான் இருந்தது. இதை என்னால் முடிவு செய்ய முடியாது, உங்கள் வழிகாட்டியிடம் காட்டிப் பேசுங்கள், நாளைக்கு அனுப்ப வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். மொழி பார்ப்பவர் ஒரு சொல்லை மாற்றும்போது ஆய்வின் முடிவு மாறுகிறது என்றால், அந்த மாற்றம் ஆய்வு செய்தவர்களின் கையெழுத்தோடுதான் நடக்க வேண்டும். அவர்கள் துறையிலேயே இன்னொரு மாணவரிடம், கட்டுரையைக் காட்டாமல் சுருக்கத்தை மட்டும் கொடுத்து, என்ன செய்தார்கள், என்ன கண்டார்கள் என்று தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள் என்றும் சொல்லி அனுப்பினேன். அந்த மாணவர் சொல்வதும் அட்டவணையும் ஒத்துப்போனால் சுருக்கம் சரி.

பத்து நாள் கழித்துத்தான் அனுப்பினார்கள். வழிகாட்டி "அட் ஒன் சைட்" என்ற மூன்று சொல்லை நீக்கச் சொன்னதாகவும், இவர் விடாமல் வைத்துக்கொண்டதாகவும் தொலைபேசியில் சொன்னார். நான்கு மாதத்தில் மதிப்பீட்டாளர்களின் குறிப்புகள் வந்தன. எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார். இரண்டு பக்கம் இருந்தது. முதல் கேள்வியே, அந்த ஒரு பண்ணையின் மண்ணில் சோதனைக்கு முன்னால் கால்சியம் எவ்வளவு இருந்தது, அதைச் சுருக்கத்திலேயே சொல்ல முடியுமா என்பது. ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.